சத்தத்தில் மட்டும் இருக்கும் ‘கூடாது’



இன்றைக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். உடம்பு, மருந்து, கேஸ் சிலிண்டர், மின்சாரம் என்று நாலு பேருக்குப் பயன்படும் விஷயங்களை ஒரு நிமிஷ வீடியோவாக எடுத்துப் போடும் தம்பி தங்கைகள் பொறுமையாகப் படிக்க வேண்டும். மற்றவர்கள் உங்கள் வீட்டில் வீடியோ எடுக்கும் பிள்ளைகளிடம் காட்டுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பாதி வீடியோக்கள் சத்தம் இல்லாமல்தான் பார்க்கப்படுகின்றன என்று வைத்துக்கொண்டு வீடியோ எடுக்க வேண்டும். சத்தத்தை நிறுத்தினால் அழகு குறையும் வீடியோவைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சத்தத்தை நிறுத்தினால் பொருளே தலைகீழாக மாறும் வீடியோவைப் பற்றித்தான் கவலை. ‘இப்படிச் செய்யாதீர்கள்’ என்று வாய் சொல்கிறது, கை செய்து காட்டுகிறது. சத்தம் இல்லாதவருக்குக் கை செய்தது மட்டும்தான் பாடம்.

எங்கள் மண்ணூர்பேட்டையில் இதை நான் தினமும் பார்க்கிறேன். காலை ஷிப்டுக்கு எஸ்டேட் கம்பெனிகளுக்குப் போகும் பெண்கள் ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்து போனைப் பார்க்கிறார்கள். எம்.டி.எச். ரோட்டு இரைச்சலில் சத்தம் வைத்தாலும் கேட்காது. இரவு ஷிப்டு முடித்து வந்தவர் பகலில் தூங்கும் வீட்டில் மனைவி சத்தத்தை வைக்க முடியாது. ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருப்பவரும் அப்படித்தான். காது கேளாதவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இவர்கள் யாரும் அக்கறை இல்லாமல் பார்ப்பவர்கள் இல்லை. அவர்களுக்குக் கிடைக்கும் நேரம் அது, அவ்வளவுதான்.

ஒரே ஒரு வீடியோவை எடுத்துக்கொண்டு பேசுகிறேன். போன கோடையில் எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் ஓ.ஆர்.எஸ். கரைசல் கலப்பது எப்படி என்று ஒரு வீடியோ வந்தது. யார் எடுத்தது என்பது இங்கே தேவையில்லை. நல்ல எண்ணத்தோடு எடுத்திருந்தார்கள். படம் பளிச்சென்று இருந்தது. குரலில் சொன்ன செய்தியிலும் ஒரு தவறும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஆட்டோவில் அதைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் என்னிடம் வந்து கேட்டாள்: “டீச்சர், ஒரு டம்ளர் தண்ணிக்கு ஒரு பாக்கெட்டு, கொஞ்சம் சர்க்கரை. அவ்வளவுதானே?” கையில் பெரிய பாக்கெட் வைத்திருந்தாள். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு.

நான் வீடியோவை வாங்கி முதலில் சத்தம் இல்லாமல் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். திரையில் ஒரு கண்ணாடி டம்ளர். ஒரு கை பாக்கெட்டைப் பிரித்து டம்ளரில் கொட்டுகிறது. அடுத்து ஒரு ஸ்பூன் சர்க்கரை விழுகிறது. கலக்குகிறார்கள். குழந்தை சிரித்துக்கொண்டே குடிக்கிறது. பிறகு சத்தத்தோடு பார்த்தேன். ‘ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் போட வேண்டும்’ என்கிறது குரல். சர்க்கரை விழும்போது, ‘சிலர் இப்படிச் சர்க்கரை சேர்ப்பார்கள், அது கூடாது’ என்கிறது. லிட்டரும் கூடாதும் குரலில் மட்டும் இருந்தன. இரண்டும் படத்தில் இல்லை.

இதில் என்ன ஆபத்து என்று சிலர் கேட்கலாம். ஓ.ஆர்.எஸ்.ஸில் மருந்தே அந்த விகிதம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரிய பாக்கெட்டில் 20.5 கிராம் இருக்கும். அதில் குளுக்கோஸ் 13.5 கிராம், சாப்பாட்டு உப்பு 2.6 கிராம், மீதி வேறு இரண்டு உப்புகள். இது 1 லிட்டருக்கு. குடலில் குளுக்கோஸும் உப்பும் சரியான அளவில் சேர்ந்து இருந்தால் அவை உள்ளே போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதே பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் கரைசல் ஐந்து மடங்கு கெட்டியாகிவிடும். குழந்தையின் ரத்தத்தில் உப்பு ஏறும், வயிற்றுப்போக்கும் அதிகமாகும். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, போங்கான் என்ற இடத்தில் டாக்டர் திலீப் மகாலனாபிஸ் இந்தக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். உப்பையும் குளுக்கோஸையும் நிறுத்துப் பொட்டலம் போட்டு, அளந்த தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். அந்த அளவுதான் உயிர் காத்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கடையில் 200 மில்லி தண்ணீருக்கான சின்னப் பாக்கெட்டும் கிடைக்கிறது. அதற்கு ஒரு டம்ளர் சரி. ஆகவே ‘ஒரு பாக்கெட்’ என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தப் பாக்கெட், எவ்வளவு தண்ணீர் என்று இரண்டும் சேர்ந்தே கண்ணில் பட வேண்டும்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முதல் விதி இதுதான். வீடியோ எடுப்பதற்கு முன் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி, படம் தானே சொல்லிவிடும் விஷயம், படத்தால் சொல்ல முடியாத விஷயம் என்று இரண்டாகப் பிரியுங்கள். கை கழுவுவது, கொட்டுவது, கலக்குவது எல்லாம் படமே சொல்லும். அதற்கு எழுத்து வேண்டாம். படத்தால் சொல்ல முடியாதவை பெரும்பாலும் மூன்று: எவ்வளவு, எத்தனை நேரம், எது கூடாது. திரையில் எழுத்து வர வேண்டியது இந்த மூன்றுக்குத்தான். பேசுவதையெல்லாம் எழுத்தாக்கி ஓடவிட்டால் முக்கியமான ‘1 லிட்டர்’ அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடும்.

மூன்றில் ‘கூடாது’தான் நம்மை அதிகம் ஏமாற்றும். காரணம் தமிழின் அமைப்பு. ஆங்கிலத்தில் ‘டோன்ட்’ வாக்கியத்தின் தலையில் வந்து நிற்கும். இந்தியில் ‘மத்’ பெரும்பாலும் வினைக்கு முன்னால் வரும். தமிழிலோ மறுப்பு வாலில் இருக்கிறது. ‘சர்க்கரை சேர்க்க’ என்பது வரை படித்தவருக்கு அடுத்து வருவது ‘லாம்’ என்றா, ‘க் கூடாது’ என்றா என்று தெரியாது. பேச்சில் இது பிரச்சினை இல்லை, குரலின் ஏற்ற இறக்கமே காட்டிக்கொடுத்துவிடும். எழுத்துக்கு அந்த வசதி இல்லை.

இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. பேசப் பேச ஒவ்வொரு சொல்லாகத் திரையில் துள்ளிக் குதித்து வரும். தமிழுக்கு அது ஆகாது என்பது என் உறுதியான கருத்து. ‘கலந்த பிறகு மறுபடி கொதிக்க வைக்கக் கூடாது’ என்பதை ஒவ்வொரு சொல்லாகக் காட்டினால், கடைசிச் சொல்லுக்கு முன் கட்டைவிரல் நகர்ந்துவிட்டால், பார்த்தவர் மனதில் நிற்பது ‘கலந்த பிறகு மறுபடி கொதிக்க’ என்பதுதான். இரண்டு வரியாகப் போட்டாலும் இதே ஆபத்து உண்டு. இரண்டாவது வரியில் தனியாக நிற்கும் ‘கூடாது’ திரையின் அடியில் போகும். அங்கேதான் ஆப் தன்னுடைய கணக்குப் பெயரையும் குறிப்பையும் எழுதி வைத்திருக்கிறது. ‘கூடாது’ அதன் பின்னால் மறைந்துபோகும்.

இதற்கு வழி எளிது. மறுப்பைத் தலைக்குக் கொண்டு வாருங்கள். ‘சேர்க்க வேண்டாம்’ என்பதற்குப் பதிலாக, ‘வேண்டாம்: சர்க்கரை, உப்பு, பால், ஜூஸ்’ என்று எழுதுங்கள். எழுத்து தோன்றுவதற்கு அரை நொடி முன்பே சிவப்புத் தப்புக் குறி திரையில் வந்துவிட வேண்டும். நிறம் மட்டும் போதாது. சிவப்பு, பச்சை பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். வெயிலில் போனைப் பார்ப்பவருக்கும் நிறம் தெரியாது. குறியும் வேண்டும். அதைவிட முக்கியம், தவறான செயலை முழுதாகச் செய்து காட்டாதீர்கள். சர்க்கரை ஸ்பூன் டம்ளரை நோக்கி வருகிறதா, அந்த இடத்திலேயே படம் உறைய வேண்டும். இன்னொரு கை வந்து டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட வேண்டும். சர்க்கரை உள்ளே விழுந்த காட்சியே வீடியோவில் இருக்கக் கூடாது. விழுந்தால் அதைத்தான் கண் நினைவில் வைத்துக்கொள்ளும்.

அடுத்தது எழுத்து எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது. எடுத்தவருக்கு வாசகம் மனப்பாடம். அவருக்கு ஒரு நொடி போதும், அதனால் ஒரு நொடிதான் வைப்பார். நான் சொல்லும் கணக்கு இது: திரையில் உள்ளதை வாய்விட்டு, மூன்றாம் வகுப்புக் குழந்தைக்குப் படித்துக் காட்டும் வேகத்தில், இரண்டு முறை படியுங்கள். அந்த நேரம் எழுத்து நிற்க வேண்டும். நான்கைந்து சொல்லுக்கு ஏறக்குறைய நான்கு நொடி ஆகும். அதற்குமேல் நேரம் பிடித்தால் நேரத்தைக் கூட்டுவதைவிடச் சொல்லைக் குறையுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘பயன்படுத்திக்கொள்ளலாம்’ என்ற ஒரே சொல் போன் திரையின் அகலத்தை அடைத்துவிடும். ‘குடிக்கலாம்’ என்றால் தீர்ந்தது. எண்ணை எண்ணாகவே போடுங்கள். ‘இருபத்து நான்கு மணி நேரத்திற்குள்’ என்பதைவிட ‘24 மணி நேரம்’ கண்ணில் சட்டென்று படும். எண்ணையும் அதன் அலகையும் மட்டும் பிரிக்காதீர்கள். ‘1’ மேல் வரியிலும் ‘லிட்டர்’ கீழ் வரியிலும் நின்றால் படிப்பவர் தடுமாறுவார்.

எழுத்து நிற்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். நெட்டுக்குத்தான போன் திரையில் அடிப்பகுதியை ஆப் எடுத்துக்கொள்கிறது, வலது ஓரத்தில் இதயம், அம்புக்குறி போன்ற பொத்தான்கள் நிற்கின்றன. மீதி இருப்பது நடுவும் அதற்குச் சற்று மேலும். எழுத்தை அங்கே வையுங்கள், ஆனால் கை வேலை செய்யும் இடத்தை மறைக்காமல். கண் ஒரே நேரத்தில் கையையும் பார்த்து எழுத்தையும் படிக்காது. ஆகவே எழுத்து வரும்போது கை நிற்கட்டும், எழுத்து போன பிறகு கை நகரட்டும். கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசக் கூடாது, எழுதி முடித்துத் திரும்பிப் பேச வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் இதனால்தான்.

வெள்ளைச் சட்டை மேல் வெள்ளை எழுத்து போடுகிறவர்களை என்ன சொல்வது? எழுத்துக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பட்டை வைத்தால் எந்தப் பின்னணியிலும் தெரியும். எழுத்துரு தடிமனாக, அலங்காரம் இல்லாமல் இருக்கட்டும். Noto Sans Tamil போன்றது இலவசமாகவே கிடைக்கிறது. நம் எழுத்தில் மேலே சுழியும் கீழே வாலும் உண்டு. வரிகளை நெருக்கினால் மேல் வரியின் ‘கூ’வும் கீழ் வரியின் ‘கி’யும் முட்டிக்கொள்ளும். வரிக்கு நடுவே தாராளமாக இடம் விடுங்கள். இன்னொன்று, சில எடிட்டிங் மென்பொருள்களில் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். ‘கொதிக்க’ என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம் என்று சிதறி வரும், அல்லது இடையில் புள்ளி வட்டம் ஒன்று தோன்றும். முழு வாசகத்தையும் போடுவதற்கு முன் ‘கொ, கோ, கௌ, கூ’ என்று அடித்துப் பாருங்கள். சரியாக வந்தால் மேலே போகலாம். வராவிட்டால் எழுத்துருவை மாற்றுங்கள், அல்லது வேறு ஆப்பில் எழுதிப் படமாக ஒட்டுங்கள்.

தானாகவே எழுத்து போடும் வசதி இருக்கிறதே என்பார்கள். அது பேச்சை எழுத்தாக்கும், அவ்வளவுதான். எது முக்கியம் என்று அதற்குத் தெரியாது. நம் பேச்சுத் தமிழை அது தவறாகக் கேட்கும் இடங்களும் உண்டு. எண்ணிலும் ‘கூடாது’விலும் தவறு வந்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். பயன்படுத்துங்கள், ஆனால் ஒவ்வொரு வரியையும் திருத்திய பிறகே போடுங்கள்.

சரி, அந்த ஓ.ஆர்.எஸ். வீடியோவை நானாக இருந்தால் எப்படி எடுப்பேன் என்று சொல்கிறேன். 50 நொடிதான்.

முதல் 5 நொடி: பெரிய பாக்கெட் திரை முழுக்க. தண்ணீர் அளவு அச்சிட்ட இடத்தை ஒரு விரல் தொடுகிறது. எழுத்து: ‘இந்தப் பாக்கெட்: 1 லிட்டர் தண்ணீருக்கு’. வணக்கம், சேனல் பெயர், இசை எதுவும் முதலில் வேண்டாம்.

அடுத்த 5 நொடி: சோப்புப் போட்டுக் கை கழுவுகிறோம். எழுத்து இல்லை.

அடுத்த 10 நொடி: எல்லோருக்கும் தெரிந்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். அதில் காய்ச்சி ஆற வைத்த தண்ணீர். பாட்டிலைச் சுத்தமான பாத்திரத்தில் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரை ஊற்றுகிறோம். எழுத்து: ‘1 லிட்டர். காய்ச்சி ஆறிய தண்ணீர்’. இங்கே டம்ளர் திரையிலேயே வரக் கூடாது.

அடுத்த 10 நொடி: பாக்கெட் முழுவதையும் கொட்டி, காலிப் பாக்கெட்டைத் தலைகீழாகத் தட்டிக் காட்டிவிட்டு, கரையும் வரை கலக்குகிறோம். எழுத்து: ‘முழுப் பாக்கெட்’.

அடுத்த 8 நொடி: தப்புக் குறி வருகிறது. சர்க்கரை டப்பாவையும் ஜூஸையும் ஒரு கை ஓரம் தள்ளுகிறது. எழுத்து: ‘வேண்டாம்: சர்க்கரை, உப்பு, பால், ஜூஸ்’.

அடுத்த 7 நொடி: பாத்திரத்தை மூடிப் பக்கத்தில் கடிகாரம். பிறகு மீதியைச் சிங்க்கில் கொட்டுகிறோம். எழுத்து: ‘24 மணி நேரம் ஆனால் கொட்டிவிடுங்கள்’.

கடைசி 5 நொடி: அசையாத ஒரே படம். பாக்கெட், பாட்டில், கடிகாரம் மூன்றும் வரிசையாக. கீழே: ‘1 பாக்கெட், 1 லிட்டர், 24 மணி நேரம்’. இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

குழந்தை சோர்ந்துவிட்டால், குடிக்க மறுத்தால், மலத்தில் ரத்தம் வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்பதை இதிலேயே திணிக்க மாட்டேன். அது தனி வீடியோ. ஒரு பாடவேளைக்கு ஒரு பாடம் போதும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. படிக்கத் தெரியாதவருக்கு எழுத்து உதவாது. அதனால்தான் பாட்டிலையும் காலிப் பாக்கெட்டையும் தட்டிக் காட்டச் சொன்னேன். பார்வை இல்லாதவருக்குக் குரல்தான் எல்லாம், ஆகவே குரலை எடுத்துவிடாதீர்கள். குரலில் ‘இதை’, ‘இவ்வளவு’ என்று சொல்லாமல் ‘1 லிட்டர்’ என்றே சொல்லுங்கள். இது புதிய சிக்கலும் இல்லை. நூறு வருஷத்துக்கு முன், புரசைவாக்கத்தில் ஸ்டுடியோ வைத்து நடராஜ முதலியார் ‘கீசக வதம்’ எடுத்தபோது படத்துக்குக் குரலே கிடையாது. காட்சிக்கு நடுவே எழுத்து அட்டையைக் காட்டினார்கள். அந்தக் காலத்துக் கொட்டகைகளில் படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கதையைச் சத்தமாகச் சொல்ல ஒரு ஆளும் நிற்பார். இன்று ஷேர் ஆட்டோவில் அப்படி ஒரு ஆள் இல்லை. அவருடைய வேலையையும் படமே செய்தாக வேண்டும்.

கடைசியாகச் சோதனை. வீடியோவைப் போடுவதற்கு முன், அதைப் பார்க்காத ஒருவரிடம் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரே ஒரு முறை காட்டுங்கள். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்காதீர்கள். நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். ‘புரிஞ்சுதா?’ என்றும் கேட்காதீர்கள், வகுப்பில் எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘எவ்வளவு தண்ணீர்? எதைச் சேர்க்கக் கூடாது? எவ்வளவு நேரம் வைக்கலாம்?’ என்று மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்றுக்குத் தவறான பதில் வந்தாலும் பார்த்தவர் மேல் தப்பில்லை. அந்த இடத்தைத் திருப்பி எடுங்கள். கூடவே, வீடியோவை எங்கே நிறுத்தினாலும் நிற்கும் அந்தப் படம் பொய் சொல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரை விழும் இடத்தில் நிறுத்திப் பார்த்திருந்தால் அந்த வீடியோவை எடுத்தவர்களுக்கே தெரிந்திருக்கும்.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பாக்கெட்டைத் திருப்பி அளவைக் காட்டினேன். அவள் வீட்டு ஒரு லிட்டர் பாட்டிலிலேயே தண்ணீரை அளந்து கலந்தோம். குழந்தை மூன்றாம் நாள் தெருவில் ஓடியது. அவள் கேட்க வந்ததால் சரியாயிற்று. கேட்க ஆள் இல்லாத வீட்டிலும் அதே வீடியோ ஓடியிருக்கும்.

உங்கள் போனில் கடைசியாக வந்த மருத்துவ வீடியோ ஒன்றைச் சத்தம் இல்லாமல் பார்த்துவிட்டு, என்ன புரிந்தது என்று கீழே எழுதுங்கள். படித்துப் பதில் சொல்கிறேன்.